முரணுக்குத் திறப்பு எங்கே இருக்கிறது?

"டீச்சர், நான் தலவாக்கலைப் பக்கம். உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் செய்றேன். மெட்டபிசிக்கல் கவிதைகள்ல பாரடொக்ஸ், ஒக்சிமோரன் ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியல. காதலும் சாவும் சேர்ந்து வர்ற கவிதைன்னா இன்னும் குழப்பம், எல்லா வரியும் முரணாத்தான் தெரியுது. பேரை மட்டும் எழுதினா புள்ளி இல்லைன்னு சொல்றாங்க. அப்ப என்னதான் எழுதணும்?"

முதல் வித்தியாசம் அளவுதான் பிள்ளை. ஒக்சிமோரன் இரண்டு சொல்லுக்குள் முடிந்துவிடும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு சொற்களை ஒரே தொடருக்குள் உட்காரவைத்தால் அது ஒக்சிமோரன். நான் அதை முரண்தொடர் என்று சொல்கிறேன். பாரடொக்ஸ் ஒரு கூற்று. "இப்படி நடக்கிறது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார், கேட்ட உடனே "அதெப்படி?" என்று தோன்றுகிறது, யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கிறது. அதை முரணுண்மை என்று வைத்துக்கொள்வோம். ஆகவே ஒரு வரியைப் பார்த்ததும் "அதெப்படி?" என்று கேட்டுப்பார். பதில் வந்தால் அது முரணுண்மை. பதிலே வராமல் ஒரு உணர்ச்சி மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் முரண்தொடர். புள்ளி கிடைப்பது பெயருக்கு அல்ல, அந்தப் பதிலுக்குத்தான்.

இங்கே நம் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் முரண்தொடை படித்திருப்பாய். காரிகை உரையில் வரும் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? "இருள்பரந் தன்ன மாநீர் மருங்கில், நிலவுகுவிந் தன்ன வெண்மணல்" என்று போகும். இருளும் நிலவும் எதிர்ச்சொற்கள், ஆனால் சண்டை இல்லை. கறுப்பாக இருப்பது நீர், வெளுப்பாக இருப்பது மணல். இரண்டும் தத்தம் இடத்தில் சமாதானமாக இருக்கின்றன. அதே இருளையும் ஒளியையும் ஹென்றி வோன் என்ற கவிஞர் கடவுளைப் பற்றிப் பேசும்போது ஒரே பொருள்மேல் ஏற்றி, "கண்கூசும் இருள்" என்கிறார். ஒரே இருள், அதுவே கண்ணைக் கூசச் செய்கிறது. இதுதான் முரண்தொடர். எதிர்ச்சொல் இரண்டு கண்ணில் பட்டவுடன் கோடு இழுத்து "ஒக்சிமோரன்" என்று எழுதாதே. இரண்டும் ஒரே பொருளைப் பற்றித்தான் சொல்கின்றனவா என்று முதலில் பார்.

முரணுண்மைக்கு வெளியே போகவே வேண்டாம், குறளிலேயே இருக்கிறது. "நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும் தீயாண்டுப் பெற்றாள் இவள்" (1104). விலகினால் சுடுகிறது, கிட்டே போனால் குளிர்கிறது, இப்படி ஒரு நெருப்பை இவள் எங்கே பெற்றாள் என்று கேட்கிறான். அடுப்பைப் பார்த்த எவருக்கும் இது தலைகீழ். அதெப்படி? நெருப்பு என்று அவன் சொல்வது அவளை அல்ல, அவளைப் பிரிந்த வேதனையை. பிரிவு விலக விலகத்தான் சுடும். பூட்டு திறந்துவிட்டது. திறப்பு "தீ" என்ற சொல்லுக்குள் இருந்தது.

மெட்டபிசிக்கல் என்று நாம் சொல்லும் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள் இந்த வேலையை ஒரு வரியோடு விடாமல் வழக்கறிஞர் வாதாடுவதுபோல் பக்கக் கணக்கில் செய்தார்கள். ஒத்துப்போகாதவற்றை வலுக்கட்டாயமாக ஒரே நுகத்தில் பூட்டுகிறார்கள் என்று பின்னால் வந்த விமர்சகர் சாமுவேல் ஜோன்சன் குறைப்பட்டுக்கொண்டார். அவர் குறையாகச் சொன்னதைத்தான் இன்று நாம் பாடமாகப் படிக்கிறோம்.

அவர்களில் ஜோன் டன்னைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். நான் அவருடைய நண்பர் ஒருவரின் கவிதையை எடுக்கிறேன். காதலும் சாவும் ஒரே இடத்தில் இருக்கின்றன, இரண்டு வகை முரணும் அடுத்தடுத்து வருகின்றன, பிரித்துப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அவர் ஹென்றி கிங். டன் இறந்தபோது அவருடைய மரண சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தவர், பிறகு 1642இல் சிசெஸ்டர் ஆயர் ஆனவர். அவருடைய மனைவி ஆன் 1624இல் இறந்துபோனார். அவருக்காக எழுதியதுதான் 'தி எக்ஸெக்வி'. அந்தச் சொல்லுக்கு ஈமச் சடங்கு என்று அர்த்தம். நான் தமிழில் 'இறுதிக்கடன்' என்று சொல்வேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கவிதை கல்லறையைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறது. பூவுக்குப் பதிலாக அழுகின்ற கவிதையை ஏற்றுக்கொள் என்கிறார். ("அழுகின்ற கவிதை" முரண்தொடர் இல்லை. அழுவது அவர், அதைக் கவிதைமேல் ஏற்றிச் சொல்கிறார், அவ்வளவுதான்.) அடுத்த பத்தியின் முதல் இரண்டு சொல்லில் மனைவியைக் கூப்பிடுகிறார்: "அருமை இழப்பே!" இது முழு முரண்தொடர். இழப்பு என்றால் இல்லாமல் போனது. இல்லாமல் போனதை யாராவது செல்லமாகக் கூப்பிடுவார்களா? ஆங்கிலத்தில் அவர் போட்ட சொல்லுக்கு அன்பானது என்றும் விலைகூடியது என்றும் இரண்டு அர்த்தம். தமிழில் "அருமை" அதிர்ஷ்டவசமாக இரண்டையும் தாங்கும். கொஞ்சம் தள்ளி அவளை "அன்பு மண்ணே" என்கிறார். கட்டிப்பிடித்த உடம்பு இப்போது மண். மண் என்று ஒத்துக்கொள்ளவும் செய்கிறார், அன்பு என்று சொல்வதை நிறுத்தவும் இல்லை.

இந்த இரண்டு தொடரிடமும் "அதெப்படி?" என்று கேட்டுப்பார். பதில் வராது. விளக்கம் சொல்ல அவரிடம் அந்த நேரம் ஒன்றும் இல்லை. நம் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் கிழவி "என்னப் பெத்த ராசா, பாவி, என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒரே மூச்சில் கொஞ்சுவதும் ஏசுவதும் அதே மாதிரிதான். ராசாவா பாவியா என்று அவளிடம் போய்க் கேட்க முடியாது. ஆகவே முரண்தொடரைப் பற்றி எழுதும்போது அவிழ்க்கப் பார்க்காதே. எந்த இரண்டு உணர்ச்சி ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கிறது என்று எழுது. "அருமை இழப்பே" என்பதில் ஒரு சொல் அவளை இன்னும் அருகில் வைத்திருக்கிறது, மற்றச் சொல் அவள் போய்விட்டதை ஒப்புக்கொள்கிறது. அழைப்பதற்கும் ஆள் இல்லை என்பதற்கும் நடுவில் அவர் நிற்கிறார். அது போதும்.

அப்புறம் வாதம் தொடங்குகிறது. அவள்தான் என் பகல், என் சூரியன் என்கிறார். ஒரு நாளுக்கு எத்தனை மணியோ அத்தனை வயதுகூட அவளுக்கு நிரம்பியிருக்கவில்லை என்று கணக்குச் சொல்கிறார். இருபத்துநாலுக்குள். நண்பகல் ஆகுமுன்னே அஸ்தமித்த சூரியன். பிறகு வரும் நான்கு அடிதான் நான் வகுப்பில் ஒரு முழுப் பாடவேளையைச் செலவழிக்கும் இடம். தமிழில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

எனக்கும் என் உயிரின் ஆசைக்கும் நடுவே
இப்போது மண் வந்து நிற்கிறது.
எந்தப் பஞ்சாங்கத்திலும் யாரும் வாசித்திராத
விசித்திரக் கிரகணம் இது.

கிரகணம் உனக்குத் தெரிந்ததுதான். சூரிய கிரகணத்தில் நமக்கும் சூரியனுக்கும் நடுவில் சந்திரன் வரும். சந்திர கிரகணத்தில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் பூமி வரும். பூமியே குறுக்கே வந்து சூரியனை மறைக்கும் கிரகணம் பஞ்சாங்கத்தில் கிடையாது. பூமிமேல் நிற்கிறவனுக்குப் பூமி எப்படிக் குறுக்கே வரும்? அதெப்படி? திறப்பு ஒரே சொல். அவர் போட்ட ஆங்கிலச் சொல்லுக்குப் பூமி என்றும் மண் என்றும் இரண்டு பொருள். வானத்தில் சுற்றும் உருண்டை அல்ல, குழிக்குமேல் அள்ளிப்போட்ட ஆறடி மண். அதற்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். நம் "மண்" என்ற சொல்லும் மண்ணுலகம் என்றால் உலகமாகவும், ஒரு பிடி மண் என்றால் கையில் அள்ளுவதாகவும் இருக்கிறது, அதனால் தமிழில் சொல்லும்போதும் பூட்டு உடையவில்லை.

இதைப் பற்றி மாணவர்கள் எழுதும் பதிலில் வழக்கமாக ஒரு வாக்கியம் இருக்கும்: "கவிஞர் கிரகணத்தை உருவகமாகப் பயன்படுத்தித் தன் துயரத்தை வெளிப்படுத்துகிறார்." பொய் இல்லை. ஆனால் எந்தச் சோகக் கவிதைக்கும் ஒட்டிவிடக்கூடிய வாக்கியம். இதே இடத்துக்கு இப்படி எழுதலாம்: "பூமி சூரியனை மறைக்கும் கிரகணம் நடக்க முடியாதது, அதைப் பஞ்சாங்கத்தில் இல்லை என்று கவிஞரே ஒத்துக்கொள்கிறார். அந்தச் சொல்லைப் பூமி என்று வாசித்தால் முரண், கல்லறை மண் என்று வாசித்தால் நடந்த செய்தி. வானத்தளவு பெரிய வாதம் கடைசியில் ஒரு குழியளவு மண்ணில் வந்து நிற்கிறது." மூன்று வாக்கியம்தான். முதலாவது எங்கே இடிக்கிறது என்று காட்டுகிறது, இரண்டாவது எப்படித் திறக்கிறது என்று காட்டுகிறது, மூன்றாவது திறந்த பிறகு கையில் என்ன கிடைத்தது என்று சொல்கிறது. மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்ததாக அவர் மண்ணோடு நேரே பேசுகிறார். எனக்குப் பிடித்த பகுதி இது. அவளை நீ வைத்துக்கொள், என் கேடு உனக்கு நன்மையாகட்டும் என்கிறார். "என்னால் வைத்துக்கொள்ள முடியாததை உனக்குத் தருகிறேன்", அதுவும் "தாராளமான துக்கத்தோடு". இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன, பார். "தாராளமான துக்கம்" முரண்தொடர். தாராளம் கை விரிவது, துக்கம் நெஞ்சு சுருங்குவது. "வைத்துக்கொள்ள முடியாததைத் தருகிறேன்" என்பது முரணுண்மை. கையில் இல்லாததை எப்படித் தருவாய்? பறிபோனதைத் தானமாகச் சொல்லிவிட்டால், பறிகொடுத்தவன் ஒரு நொடி கொடுத்தவன் ஆகிறான். தோற்றவனுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சுகிறது. திறப்பு இங்கே சொல்லில் இல்லை, அவருடைய தேவையில் இருக்கிறது.

ஆனால் கொடுத்தவர் உடனே கணக்குக் கேட்கிறார். ஒவ்வொரு துணுக்கையும் புத்தகத்தில் பதிந்து வை, கணக்கை நேராக வை, அவளை நிறை குறையாமல் திருப்பிக் கொடு, ஒவ்வொரு துகளுக்கும் அணுவுக்கும் நீ பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் அவளை உனக்குக் கடனாகத்தான் தந்தான், கொடுத்துவிடவில்லை என்கிறார். அவன் என்றது கடவுளை.

நான் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். தராசில் கூடையை மாட்டி, முள் ஆடி நிற்குமுன்னே ஒரு எண்ணைச் சொல்லுவார்கள். அதிலிருந்து ஈரத்துக்கு, கூடைக்கு என்று கழிப்பார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். பல வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் "நிறை குறையாமல் திருப்பிக் கொடு" என்ற வரியை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஈமச் சடங்கு அல்ல, அந்தத் தராசு. ஒரு பெண்ணை மண்ணில் போட்டுவிட்டு, மண்ணிடம் நிறுவைக் கணக்குக் கேட்கிறார் இந்த மனுஷன். மடுவத்தில் நிற்கிறவருக்கும் அவருக்கும் நிலைமை ஒன்றுதான். கேட்கலாம், ஆனால் தராசு எதிராளியின் கையில்.

'இறுதிக்கடன்' என்று பெயர் வைத்ததன் காரணம் இதுதான். நமக்குச் சாவுச் சடங்கும் கடன், திருப்பித் தர வேண்டியதும் கடன். கவிதையின் நடுவில் இருக்கும் முரணுண்மையும் அதுவே: புதைப்பது என்பது கொடுத்துவிடுவது இல்லை, அடகு வைப்பது. இதற்குத் திறப்பு எங்கே? கிறிஸ்தவ நம்பிக்கையில். உலக முடிவில் உடல்கள் மண்ணிலிருந்து எழும் என்று கிங் நம்பினார். அந்த நாள் வரும் என்று வைத்துக்கொண்டால் "திருப்பிக் கொடு" என்பது சட்டப்படியான கோரிக்கை. வராது என்று வைத்துக்கொண்டால் அது வெறும் புலம்பல். உன் வகுப்பில் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை இருக்க வேண்டும் என்று இல்லை. நம்ப வேண்டியதும் இல்லை. "பேசுகிறவரின் நம்பிக்கைக்குள் நின்றால் இது திறக்கிறது" என்று எழுது, போதும். சொந்த நம்பிக்கையை வைத்து "இது நடக்காத காரியம்" என்று எழுதிய ஒரு விடைத்தாளை ஒருமுறை பார்த்தேன். கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கவிதையோடு பேசாமல் கவிஞரோடு சண்டைக்குப் போய்விட்டது.

சரி, குழியை மூடியாகிவிட்டது. "உறங்கு, அன்பே, உன் குளிர்ந்த படுக்கையில்" என்கிறார். நான் படிப்பிக்கத் தொடங்கிய புதிதில் "குளிர்ந்த படுக்கை" என்பதை முரண்தொடர் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "டீச்சர், நுவரெலியாவில எல்லாப் படுக்கையும் குளிர்தானே" என்றது. வகுப்பே சிரித்தது. பிள்ளை சொன்னது சரி. படுக்கைக்கும் குளிருக்கும் பகை இல்லை. அது கல்லறையைப் படுக்கை என்று சொன்ன உருவகம். அழித்துவிட்டு வேறு எழுதினேன்.

இதற்குப் பிறகு கவிதையின் திசை மாறுகிறது. இவ்வளவு நேரம் அவள் போய்விட்டாள் என்று அழுதவர், இப்போது நான் வந்துகொண்டிருக்கிறேன் என்கிறார். ஒவ்வொரு நிமிடமும் ஒரு சிறு பாகை, ஒவ்வொரு மணியும் உன்னை நோக்கி ஓர் அடி. இரவு படுத்துக் காலையில் எழும்பினால், என் வாழ்வின் மேற்குக்கு ஏறத்தாழ எட்டு மணிநேரக் கப்பல் பயணம் கிட்டே வந்திருக்கிறேன். காலையில் எழும்புகிறவன் மேற்கை நெருங்குகிறான்! கிழக்கில் வெளிச்சம் வரும் நேரத்தில் அவருக்கு அஸ்தமனம் பக்கத்தில் வருகிறது. அதெப்படி? தூங்கின எட்டு மணிநேரமும் ஆயுளில் குறைந்துவிட்டது, அதனால். திறப்பு காலம். வயது ஏறுவதை எல்லோரும் வாழ்க்கை குறைகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். இவர் அதே கணக்கைத் தூரம் குறைகிறது என்று எழுதுகிறார். எண் ஒன்றுதான், தலைப்பு வேறு. காதல் கவிதையில் வழக்கமாகச் சாவு பிரிக்கும், இதில் சாவு சேர்த்துவைக்கிறது, வாழ்வதுதான் பிரித்துவைத்திருக்கிறது.

அடுத்து ஒரு விசித்திரமான வெட்கம். நீ முன்னணிப் படைபோல எனக்கு முன்னே களத்துக்குப் போய் வெற்றியும் வாங்கிவிட்டாய், வயதில் மூத்த நான்தானே கல்லறைக்கு முதலில் போயிருக்க வேண்டும் என்கிறார். செத்தவள் ஜெயித்தவள். ஆங்கில விமர்சன நூல்கள் இந்த இடத்தைப் போர் உருவகம் என்று சொல்லிக் கடந்துவிடும். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். புருஷனுக்கு முன்னே ஒருத்தி இறந்துபோனால் லயத்து வாசலில் பெண்கள் என்ன சொல்வார்கள்? "பூவோடயும் பொட்டோடயும் போயிட்டா, குடுத்து வச்சவ." நடுவீட்டில் பிணம் கிடக்கிறது, அவளைப் பார்த்துப் பாக்கியசாலி என்கிறார்கள். விதவையாக வாழும் கஷ்டத்தைத் தெரிந்தவர்கள் சொல்வதால்தான் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் வருகிறது. கிங் சொல்வதன் காரணம் வேறு, வடிவம் ஒன்று. மிஞ்சியிருப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் போனவர் வென்றவர். (பதிலில் இந்த ஒப்பீட்டை எழுதினால் ஒரு வாக்கியத்தோடு நிறுத்து. கேள்வி கிங்கைப் பற்றியது.)

இங்கேதான் அவருடைய பிரபலமான வரி வருகிறது. கேள், என் நாடி மென்மையான முரசுபோல என் வருகையை அறிவிக்கிறது. மென்மையான முரசு ஒரு சின்ன முரண்தொடர், போர் முரசு மென்மையாக அடிக்காது. அது உவமைக்குள் ஒளிந்திருப்பதால் பலருக்குக் கண்ணில் படாது. அதற்குள் பெரிய முரணுண்மை ஒன்று படுத்திருக்கிறது. நாடி அடிக்கிறது என்றால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது அதற்குத்தான். கிங்குக்கு அதே துடிப்பு சாவை நோக்கி நடக்கும் காலடி. ஒவ்வொரு துடிப்பும் இருக்கிறேன் என்றும் சொல்கிறது, வருகிறேன் என்றும் சொல்கிறது. நமக்கு இது புரிய அகராதி தேவையில்லை. முன்பெல்லாம் தோட்டத்தில் விடிய வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குக் கூப்பிட்டதும் தப்பு மேளந்தான், சுடுகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் தப்பு மேளந்தான். தூரத்திலிருந்து கேட்கிறவர் அடிக்கிற விதத்தை வைத்துத்தான் எது என்று தெரிந்துகொள்வார். கிங் இரண்டையும் ஒரே அடியில் கேட்கிறார்.

டன்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வருகிறேன், ஏனென்றால் உன் பாடத்திட்டத்தில் அவர் கட்டாயம் குறுக்கே வருவார். மரணத்தைப் பார்த்து, பெருமை கொள்ளாதே என்று தொடங்கும் அவருடைய சொனெட் கடைசியில் "மரணமே, நீ செத்துப்போவாய்" என்று முடிகிறது. அதற்கு முந்தின அடியில் ஒரு குறுந்தூக்கம், பிறகு என்றென்றும் விழிப்பு என்கிறார். இந்த இடத்தில் நம் ஆட்கள் "உறங்குவது போலும் சாக்காடு" குறளை (339) கொண்டுவந்து ஒட்டுவார்கள். ஒட்டலாம், ஆனால் பார்த்து ஒட்டு. குறளில் "போலும்" இருக்கிறது. அது உவமை, முரண் இல்லை. உறங்கி விழிப்பதுபோலப் பிறப்பு மறுபடி வரும், சாவும் மறுபடி வரும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். டன்னுக்கு ஒரே ஒரு விழிப்பு, அதற்குப் பிறகு சாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாமல் போவதைத்தான் "செத்துப்போவாய்" என்கிறார். சாவு மற்றவர்களுக்குச் செய்கிற வினையை அதன்மேலேயே திருப்பிவிடுகிறார். உவமையையும் முரணுண்மையையும் இப்படிப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இரண்டும் தெளிவாகும்.

இன்னொன்று. காதல் கவிதைகளில் டன் "சாகிறோம்" என்று எழுதும்போது எப்போதும் பாடையை நினைக்காதே. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் படுக்கையறைப் பொருளும் இருந்தது. காதலர்கள் செத்து மறுபடி எழுகிறோம் என்று அவர் சொன்னால், திறப்பு அந்த இரண்டாவது பொருளில் இருக்கலாம். கிங்கின் கவிதையில் அதைத் தேடாதே. அவர் உண்மையான குழியின் ஓரத்தில் நிற்கிறார்.

கிங்கின் கடைசி அடிகளுக்கு வருவோம். நான் வருவேன் என்ற நினைப்பில் ஆறுதலோடு காத்திருக்கிறேன் என்றுவிட்டு, மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறார். என்ன குற்றத்துக்கு? பாதி இதயத்தோடு உயிர்வாழச் சம்மதித்த குற்றத்துக்கு. உயிர்வாழ்வது குற்றம், மன்னிக்க வேண்டியவள் இறந்தவள். இவ்வளவு தூரம் வாசித்த உனக்கு இதைத் திறக்கத் தெரியும், நான் தொடவில்லை.

வேறொரு முரணைக் காட்டிவிட்டு நிறுத்துகிறேன். இதைக் கவிஞர் வேண்டுமென்றே வைத்தாரா என்று எனக்குள் நானே பல தடவை வாதாடியிருக்கிறேன். கப்பல் உருவகம் வரும் இடத்தில் "உன்னை நோக்கி விரைவாக வழுக்கிச் செல்கிறேன்" என்கிறார். முரசு வரும் இடத்தில், எட்டு ஒன்பது அடி தள்ளி, "என் நடை எவ்வளவு மெதுவாக இருந்தாலும் கடைசியில் உன் பக்கத்தில் வந்து உட்காருவேன்" என்கிறார். விரைவா, மெதுவா? என் கணக்கில் இரண்டும் சரி. கப்பல் இடத்தில் பேசுவது ஆசை, ஆசைக்குத் தண்ணீர் வேகமாக ஓடுகிறது. முரசு இடத்தில் பேசுவது உடம்பு. அப்போது அவருக்கு முப்பதைக் கொஞ்சம் தாண்டின வயது, நாடி நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஹென்றி கிங் இறந்தது 1669இல். அந்த நடைக்கு நாற்பத்தைந்து வருடம் பிடித்தது.